ரீச் திடீரென்று விழுந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம்

இன்ஸ்டாகிராமில் ரீச் திடீரென்று சரிந்தால், ஹேஷ்டேக்கை மாற்றிப் பார்ப்பதற்கு முன் செட்டிங்ஸில் Account Status பக்கத்தைத் திறங்கள். உங்களைப் பின்தொடராதவர்களுக்கு உங்கள் பதிவுகளைப் பரிந்துரைப்பது நிறுத்தப்பட்டிருந்தால், காரணமான பதிவோடு அங்கே காட்டும். அதற்கென்று தனி அறிவிப்பு வராமலே போகலாம். அந்தப் பதிவைத் திருத்தலாம், நீக்கலாம். தவறாகத் தோன்றினால் மறுபரிசீலனை கேட்கலாம்.

கட்டுப்பாடு வந்தாலும் ஏற்கெனவே பின்தொடர்பவர்களுக்குப் பதிவு போய்க்கொண்டுதான் இருக்கும். அதனால் இன்சைட்ஸில் ரீச்சைப் பின்தொடர்பவர்கள், பின்தொடராதவர்கள் என்று பிரித்துப் பாருங்கள். பின்தொடராதவர்களின் எண்ணிக்கை மட்டும் பாதாளத்துக்குப் போயிருந்தால் சந்தேகப்படலாம். இரண்டும் சேர்ந்து குறைந்திருந்தால் பெரும்பாலும் பதிவு எடுபடவில்லை, அவ்வளவுதான்.

பிரைவேட் கணக்குக்கு இது பொருந்தாது. அதை வெளியாருக்குப் பரிந்துரைப்பதே இல்லை. இன்சைட்ஸ் பார்க்க புரொஃபஷனல் கணக்கு வேண்டும்.