பான்கேக் மாவை அடித்துக் கெடுக்காதீர்கள்

கும்பகோணத்தில் என்னிடம் சமையல் கற்க வருகிறவர்கள் எல்லோருமே தோசை வார்ப்பதில் கைதேர்ந்தவர்கள். பான்கேக் என்று வரும்போது அந்தக் கைப்பழக்கமே அவர்களுக்கு எதிரியாகிவிடுகிறது. சர்க்கரை கூடியது, பால் குறைந்தது போன்றவற்றை அவர்களே சரிசெய்துகொள்வார்கள், அதெல்லாம் இங்கே வேண்டாம்.

கட்டியே இல்லாமல் அடிப்பது

இதைப் பார்த்தால் இன்னும் எனக்கு எரிச்சல் வரும். திருவையாற்றிலிருந்து வரும் ஒரு பெண், மகளின் பிறந்தநாளுக்காக முட்டை, பால், வெண்ணெய் எல்லாவற்றையும் இரட்டிப்பாகப் போட்டு மைதாவோடு மிக்ஸியில் நன்றாக ஓடவிட்டார். மாவு வழவழவென்று அழகாகத்தான் விழுந்தது. கல்லில் ஊற்றினால் எழும்பவே இல்லை, பிய்த்தால் ரப்பர் மாதிரி இழுத்தது, அவ்வளவு பொருளும் வீண்.

உளுந்தை ஆட்ட ஆட்டப் பொங்கும், அரிசியை எவ்வளவு அரைத்தாலும் இழுவை வராது, ஏனென்றால் இரண்டிலும் குளூட்டன் என்ற புரதம் இல்லை. மைதாவில் இருக்கிறது. ஈரம் பட்டபின் அடிக்க அடிக்க அது இழையிழையாகப் பின்னி இறுகும், பேக்கிங் பவுடர் கிளப்பிவிட்ட காற்றும் போய்விடும்.

ஒரு கப் மைதா, ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், இரண்டு டேபிள்ஸ்பூன் சர்க்கரை, சிட்டிகை உப்பு, இவற்றைத் தனியாகக் கலந்துகொள்ளுங்கள். முக்கால் கப் பால், ஒரு முட்டை, இரண்டு டேபிள்ஸ்பூன் உருக்கிய வெண்ணெயை வேறு பாத்திரத்தில் அடித்து, மைதாக் கலவையில் ஊற்றி, கரண்டியால் அடியிலிருந்து புரட்டுங்கள். உலர்ந்த மாவு கண்ணில் படாத நேரத்தில் நிறுத்திவிட வேண்டும். மிளகு அளவுக் கட்டிகள் கிடக்கட்டும், வேகும்போது கரைந்துவிடும்.

முந்தின இரவே கரைத்து வைப்பது

பான்கேக்குக்குக் கூடாது. பேக்கிங் பவுடர் நனைந்த உடனே வேலையைத் தொடங்கிவிடுகிறது. பத்து நிமிடம் ஊறினால் போதும்.

மெல்லிய இனிப்புக் க்ரேப் என்றால் கதையே வேறு. அதில் பேக்கிங் பவுடர் கிடையாது, மாவும் நீர்க்க இருக்கும், அதனால் மிக்ஸியில் அடித்தாலும் பரவாயில்லை. ஆனால் அரை மணி நேரமாவது ஊறியே ஆக வேண்டும். அப்போதுதான் இறுகின குளூட்டன் தளரும், நுரை அடங்கும், கல்லில் சுழற்றினால் கிழியாமல் ஓடும். இதை இரவே கரைத்து ஃப்ரிட்ஜில் வைக்கலாம். வெளியே வைத்தால் நம்ம ஊர் வெயிலுக்குப் பாலும் முட்டையும் தாங்காது.

அவசரப்பட்டுத் திருப்புவது

முதல் குமிழி வந்ததும் தோசைத்திருப்பியை நுழைக்காதீர்கள். குமிழி உடைந்த இடத்தில் ஓட்டை மூடாமல் அப்படியே நிற்க வேண்டும், ஓரத்தில் ஈரப் பளபளப்பு போயிருக்க வேண்டும். ஓட்டை உடனே மூடிக்கொண்டால் உள்ளே இன்னும் மாவுதான். ஓட்டை வருவதற்குள் அடி கறுத்துவிட்டால் தீ அதிகம், குறையுங்கள்.

க்ரேப்பில் ஓட்டையைத் தேடாதீர்கள். மேலே ஈரம் வற்றி, ஓரம் சிவந்து தானே கிளம்பும்போது திருப்பினால் சரி.

திருப்பியபின் அழுத்துவது

வேண்டவே வேண்டாம்.

இன்னொரு முறை திருப்புவது

இரண்டாம் பக்கம் முதல் பக்கத்தைவிடச் சீக்கிரம் வெந்துவிடும், நடுவில் விரலால் தொட்டால் மீண்டெழும். அப்போது எடுத்துவிடுங்கள்.