வங்கிக் கணக்குத் தீர்மானம்: இயக்கும் அதிகாரத்தையும் எழுதுங்கள்

இயக்குநர் குழுத் தீர்மானத்தில் ‘கணக்கு தொடங்க அதிகாரம்’ என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். கணக்கை இயக்குவது தனி அதிகாரம். அது இல்லையென்றால் முதல் காசோலையிலேயே சிக்கல் வரலாம். இப்படி எழுதலாம்:

“___ வங்கியின் ___ கிளையில் நிறுவனத்தின் பெயரில் நடப்புக் கணக்கு தொடங்கவும், காசோலைகளில் கையெழுத்திடவும், இணையவழிப் பணப் பரிமாற்றம் செய்யவும் இயக்குநர் ___ அவர்களுக்குத் தனித்துச் செயல்படும் அதிகாரம் அளிக்கப்படுகிறது. ரத்து செய்ததாக வங்கிக்கு எழுத்துமூலம் தெரிவிக்கும்வரை இது செல்லும்.”

இருவர் கையெழுத்து வேண்டுமென்றால் இருவர் பெயரையும் எழுதி, ‘தனித்து’ என்பதற்குப் பதில் ‘இருவரும் கூட்டாக’ என்று போடுங்கள். எதுவும் சொல்லாமல் விட்டால் வங்கி திருப்பி அனுப்பக்கூடும். கடன் வாங்கும் அதிகாரத்தை இதில் கலக்காதீர்கள், அதற்குத் தனித் தீர்மானம் நல்லது. அப்புறம், வங்கிக்குத் தரும் நகலில் அதிகாரம் பெற்றவரே சான்றொப்பம் இடாமல், வேறொரு இயக்குநரோ நிறுவனச் செயலரோ இடட்டும்.