வண்டி ஆயில் குடிக்குதா? 1000 கி.மீ.க்கு எத்தனை லிட்டர் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது எப்படி

"மாசா மாசம் அரை லிட்டர் ஊத்துறேன், இன்ஜின் போச்சோ?" காருக்கு ஆயில் ஊற்றிப் பழகிய எல்லாருக்கும் ஒருநாள் இந்தப் பயம் வரும். எனக்கும் வந்தது. ஒரு மெக்கானிக் டிப்ஸ்டிக்கை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, "ரிங் தேஞ்சிருக்கு, இன்ஜினைப் பிரிக்கணும்" என்று சொல்லிவிட்டார். இன்ஜினைப் பிரிப்பது சின்ன வேலை இல்லை. அதற்கு முன் ஒரு நோட்டையும் தராசையும் வைத்துக்கொண்டு 2500 கி.மீ. ஓட்டிப் பார்த்தேன். அன்று செய்ததை அப்படியே படிப்படியாக எழுதுகிறேன்.

"மாதம் அரை லிட்டர்" என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. மாதம் 500 கி.மீ. ஓடும் வண்டிக்கும் 3000 கி.மீ. ஓடும் வண்டிக்கும் அந்த அரை லிட்டரின் அர்த்தம் வேறு வேறு. அதனால்தான் கார் கம்பெனிகள் ஆயில் நுகர்வை 1000 கி.மீ.க்கு எத்தனை லிட்டர் என்று சொல்கின்றன. உங்கள் வண்டியின் கையேட்டில் இன்ஜின் ஆயில் பற்றிய பக்கத்தைப் பாருங்கள். பல கையேடுகளில் "1000 கி.மீ.க்கு 0.5 லிட்டர் வரை", சிலவற்றில் "1 லிட்டர் வரை" என்று போட்டிருக்கும். அந்த எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். கடைசியில் அதோடுதான் ஒப்பிடப் போகிறோம்.

படி 1: ஒரே மாதிரி அளக்கப் பழகுங்கள்

டிப்ஸ்டிக்கில் இரண்டு குறிகள் இருக்கும், MIN, MAX என்று. பெரும்பாலான கார்களில் இந்த இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 1 லிட்டர் ஆயில் அடங்கும். உங்கள் வண்டிக்குச் சரியான அளவு கையேட்டில் இருக்கும்.

இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. குறிகளுக்கு நடுவே 20 மி.மீ. இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். அது 1 லிட்டர் என்றால் 2 மி.மீ. என்பது 100 மி.லி. கண்ணால் பார்க்கும்போது 2 மி.மீ. பிசகுவது சர்வசாதாரணம். 300 கி.மீ. மட்டும் ஓட்டிவிட்டு அளந்தால் அந்த 100 மி.லி. பிசகே உங்கள் விடையில் 0.33 லிட்டராக ஏறிவிடும். நல்ல வண்டியையும் கெட்ட வண்டி என்று காட்ட அது போதும். அதே பிசகு 1500 கி.மீ. ஓட்டியபின் வந்தால் 0.07 லிட்டர்தான். ஆகவே 1000 கி.மீ.க்குக் குறைந்து கணக்குப் போடாதீர்கள். முடிந்தால் இன்னும் கூட ஓட்டுங்கள்.

அளக்கும் முறை: சமதளத்தில் நிறுத்துங்கள். சரிவில் நின்றால் இன்ஜினின் அடித்தொட்டியான சம்ப்பில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கிப் பொய் சொல்லும். இன்ஜின் நன்றாகச் சூடாகி ஓடியபின் அணைத்து, 10 நிமிடம் பொறுங்கள். மேலே தங்கிய ஆயில் வடிந்து கீழே இறங்க அந்த நேரம் வேண்டும். பிறகு டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, முழுக்கச் சொருகி, மறுபடி உருவிப் பாருங்கள். இரண்டு பக்கமும் வெவ்வேறாகத் தெரிந்தால் கீழே இருக்கும் அளவை எடுத்துக்கொள்ளுங்கள்.

சில கையேடுகள் குளிர்ந்த இன்ஜினில் பார்க்கச் சொல்லும், அப்படியானால் அதையே பின்பற்றுங்கள். ஒருநாள் சூடாகவும் மறுநாள் குளிராகவும் பார்ப்பதுதான் கூடாது. ஆயில் சூட்டில் விரியும், ஒரு டிகிரிக்குச் சுமார் 0.07 சதவீதம். 4 லிட்டர் ஆயிலில் 60 டிகிரி வித்தியாசம் வந்தால் கிட்டத்தட்ட 170 மி.லி. கூடவோ குறையவோ தெரியும். ஒரு சொட்டுகூட எரிந்திருக்காது, ஆனால் டிப்ஸ்டிக்கில் இறங்கியிருக்கும்.

படி 2: தொடக்கப் புள்ளியை வையுங்கள்

MAX குறி வரை ஆயில் ஊற்றுங்கள். கையேட்டில் சொன்ன கிரேடு ஆயில்தான் வேண்டும். 100 மி.லி. 100 மி.லி.யாக ஊற்றி, சில நிமிடம் வடியவிட்டு, அளந்து அளந்து குறிக்குக் கொண்டுவாருங்கள். MAX-ஐத் தாண்ட வேண்டாம். அளவு மிஞ்சினால் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும், கூடுதல் ஆயில் காற்றோட்டக் குழாய் வழியாக உறிஞ்சப்பட்டு எரியவும் செய்யும். பிறகு "ஆயில் குடிக்குது" என்று நாமே சொல்லிக்கொண்டிருப்போம்.

ஓடோமீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆயில் மாற்றிய கையோடு தொடங்கினால் ஒரு கவனம் தேவை. புது ஃபில்டர் தன் பங்குக்கு ஆயிலைப் பிடித்துக்கொள்ளும். இன்ஜினைச் சில நிமிடம் ஓட்டி அணைத்து, 10 நிமிடம் பொறுத்து, மறுபடி அளந்து MAX-க்கு நிரப்பியபிறகுதான் தொடக்கம்.

படி 3: ஊற்றுவதை எடை போடுங்கள்

கேனின் பக்கத்தில் இருக்கும் கோடுகளை நம்பி "ஒரு கால் லிட்டர் இருக்கும்" என்று எழுதாதீர்கள். சமையலறைத் தராசு போதும். ஊற்றுவதற்கு முன் கேனை மூடியோடு எடை போடுங்கள், ஊற்றியபின் அதே மூடியோடு மறுபடி போடுங்கள். 1 லிட்டர் இன்ஜின் ஆயில் சுமார் 850 கிராம் இருக்கும். ஆகவே குறைந்த கிராமை 0.85-ஆல் வகுத்தால் மி.லி. கிடைத்துவிடும். 340 கிராம் குறைந்தால் 400 மி.லி. ஊற்றியிருக்கிறீர்கள். புனலில் ஒட்டிய ஆயிலும் கணக்கில் சேராமலிருக்க, புனலையும் கேனோடு சேர்த்தே இரண்டு தடவையும் தராசில் வையுங்கள்.

இந்த ஒரு பழக்கம் வந்தால் டிப்ஸ்டிக்கின் வேலை மிகவும் சுருங்கிவிடும். "MAX-க்கு வந்துவிட்டதா" என்று மட்டும் அது சொன்னால் போதும், அளவைத் தராசு சொல்லும்.

படி 4: கணக்கு

```
நுகர்வு = (ஊற்றிய லிட்டர் ÷ ஓடிய கி.மீ.) × 1000
```

பார்க்க எளிதாக இருக்கிறது, ஆனால் இந்தக் கணக்கில்தான் பெரிய தப்பு ஒளிந்திருக்கிறது. என் நோட்டிலிருந்து மூன்று வரிகள்:

```
45,210 கி.மீ.   600 மி.லி. ஊற்றி MAX
46,480 கி.மீ.   400 மி.லி. ஊற்றி MAX
47,710 கி.மீ.   450 மி.லி. ஊற்றி MAX
```

மூன்று தடவை ஊற்றியதைக் கூட்டினால் 1450 மி.லி. ஓடியது 2500 கி.மீ. அப்படியே வகுத்தால் 1000 கி.மீ.க்கு 0.58 லிட்டர். என் கையேட்டின் உச்சவரம்பு 0.5. வரம்பைத் தாண்டிவிட்டது என்று அன்று நான் உட்கார்ந்துவிட்டேன்.

பிறகுதான் உறைத்தது. முதலில் ஊற்றிய 600 மி.லி. இந்த 2500 கி.மீ.யில் குறைந்த ஆயில் இல்லை, அதற்கு முன் ஓடிய தூரத்தில் குறைந்தது. அந்தத் தூரத்தைக் கணக்கில் சேர்க்காமல் அந்த ஆயிலை மட்டும் சேர்த்தால் எந்த வண்டியும் குற்றவாளியாகத்தான் தெரியும். தொடக்கத்தில் ஊற்றியதை விட்டுவிட வேண்டும். அதன் பிறகு ஊற்றியது 400 + 450 = 850 மி.லி.

```
(0.85 ÷ 2500) × 1000 = 0.34
```

1000 கி.மீ.க்கு 0.34 லிட்டர். வரம்புக்குள். பெட்ரோல் பங்கில் டேங்க் நிரப்பி மைலேஜ் பார்க்கும்போது முதல் நிரப்பலைச் சேர்க்க மாட்டோம் இல்லையா, அதே கணக்குதான் இதுவும்.

ஒருவேளை கடைசியில் MAX வரை நிரப்பாமல் நிறுத்தினால், MAX-க்கு இன்னும் எவ்வளவு குறைகிறதோ அதையும் ஊற்றிய அளவோடு கூட்டிக்கொள்ளுங்கள். அது தராசில் ஏறாததால் டிப்ஸ்டிக் பிசகு அங்கே நுழைந்துவிடும், அதனால் நிரப்பி முடிப்பதே நல்லது.

படி 5: எண்ணை எப்படிப் படிப்பது

0.34 என்ற எண் என் வண்டிக்கு அபாயமில்லை என்று தெரிந்தாலும், அது ஒரே ஒரு புள்ளி. நான் பெரிதாக நினைப்பது அடுத்தடுத்து வரும் எண்களைத்தான். 0.30, 0.34, 0.31 என்று வந்தால் அது அந்த இன்ஜினின் குணம், டாப் அப் செய்துகொண்டே பல வருடம் ஓட்டலாம். 0.15, 0.28, 0.45 என்று ஏறினால் இன்னும் வரம்புக்குள் இருந்தாலும் ஏதோ தேய்கிறது என்று பொருள்.

ஒப்பிடும்போது ஓட்டும் விதத்தையும் நோட்டில் எழுதுங்கள். நீண்ட நேரம் வேகமாக ஓட்டினால் நுகர்வு இயல்பாகவே கூடும். தினமும் சின்னச் சின்னத் தூரம் மட்டும் ஓடும் வண்டியில் வேறொரு மர்மம் நடக்கும். இன்ஜின் முழுசாகச் சூடாகாததால் எரியாத எரிபொருள் கொஞ்சம் ஆயிலில் கலந்து அளவை உயர்த்தும், "ஆயில் குறையவே இல்லை" என்று தோன்றும். பிறகு ஒருநாள் தொலைதூரம் போனதும் அந்த எரிபொருள் ஆவியாகி, அளவு ஒரேயடியாக இறங்கும். அந்தப் பயணத்தின் எண்ணை மட்டும் தனியாக எடுத்துப் பயப்படாதீர்கள். அதோடு புது இன்ஜின் பழகும் வரை கொஞ்சம் அதிகமாகவே குடிக்கும்.

வரம்பைத் தாண்டியிருந்தாலோ ஏறிக்கொண்டே போனாலோ, குடிக்கிறதா ஒழுகுகிறதா என்று முதலில் பாருங்கள். இரவு இன்ஜினுக்கு அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்து வையுங்கள். காலையில் சொட்டு இருந்தால் கேஸ்கெட்டோ சீலோ கசிகிறது. வண்டி ஓடும்போது மட்டும் கசியும் இடமும் உண்டு, ஆகவே அட்டை சுத்தமாக இருந்தாலும் இன்ஜினின் அடிப்பகுதியில் ஈரமான அழுக்கு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

கசிவு இல்லையென்றால் எரிகிறது. ராத்திரி முழுக்க நின்று காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்து நீலப் புகை வந்து நின்றுவிட்டால் வால்வு சீல் மேல் சந்தேகம் வரும். அழுத்தி ஓட்டும்போது தொடர்ந்து நீலப் புகை வந்தால் பிஸ்டன் ரிங் பக்கம் போக வேண்டும். இன்ஜினைப் பிரிக்கச் சம்மதிக்கும் முன் கிராங்க்கேஸ் காற்றோட்ட வால்வைச் சோதிக்கச் சொல்லுங்கள். அது அடைத்தாலோ திறந்தே நின்றாலோ நல்ல ரிங் இருந்தும் ஆயில் எரியும், மாற்றுவதும் சின்ன வேலை. அதன்பிறகும் சந்தேகம் தீராவிட்டால், சிலிண்டர்கள் அழுத்தத்தைத் தாங்குகின்றனவா என்று காட்டும் கம்ப்ரஷன் டெஸ்ட், லீக் டவுன் டெஸ்ட் இரண்டையும் கேளுங்கள்.

சோதனை நடக்கும் நாட்களிலும் 500 கி.மீ.க்கு ஒருமுறை டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். MIN-ஐ நெருங்கினால் கணக்கு முடியட்டும் என்று காத்திருக்காமல் எடை போட்டு ஊற்றி, வரியாக எழுதிவிடுங்கள், கணக்கு கெடாது. டேஷ்போர்டில் சிவப்பு ஆயில் விளக்கு எரியவில்லையே என்று அதை நம்பி இருக்காதீர்கள். அந்த விளக்கு காட்டுவது ஆயில் அழுத்தத்தை. அளவு அபாயமாக இறங்கியபிறகுதான் அழுத்தம் விழும், அது எரியும் நேரத்தில் பேரிங்குகள் உராயத் தொடங்கியிருக்கலாம். ஓரமாக நிறுத்தி உடனே இன்ஜினை அணைத்துவிடுங்கள்.