"கவனம் தேவை" என்பதற்குப் பதிலாக நான் எழுதிய மின்னஞ்சல்

குழுவில் புதிதாகச் சேர்ந்தவரின் வார அறிக்கையில் கூட்டுத்தொகை அடிக்கடி தவறியது. "இன்னும் கவனம் தேவை" என்றால் எதைத் திருத்துவது என்று அவருக்குப் புரியாது. அதனால் அவருக்கு மட்டும், வேறு யாருக்கும் நகல் போடாமல், இப்படி எழுதினேன்:

"மூன்றாம் பக்க அட்டவணையில் கடைசி இரண்டு வரிகள் கூட்டலில் சேரவில்லை. அதனால் மொத்தச் செலவு குறைவாகத் தெரிகிறது. புதிய வரி சேர்த்ததும் ஃபார்முலா அதுவரை நீள்கிறதா என்று பார்த்துவிடுங்கள். தாமதத்துக்கான காரணங்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டியிருந்தது திட்டமிட உதவியது, அதைத் தொடருங்கள். இந்தக் கூட்டலில் வேறு ஏதாவது சிக்கல் இருந்ததா?"

என்னைக் கேட்டால், அந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். நாங்கள் கொடுத்த டெம்ப்ளேட்டிலேயே கூட்டல் இருபதாம் வரியோடு நின்றுவிடுகிறது என்று பதில் வந்தது. சரி, டெம்ப்ளேட்டை மாற்றினோம். அடுத்த அறிக்கையில் தொகை சரியாக இருந்தது.