ஓசசோன் வினையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: மூன்று சர்க்கரைகளும் ஒரே பெறுதியும்

டி-குளுக்கோஸ், டி-மேனோஸ், டி-ஃபிரக்டோஸ் ஆகிய மூன்றும் ஃபீனைல்ஹைட்ரசீனுடன் ஒரே மஞ்சள் நிற ஓசசோனைத் தருகின்றன என்பதை மாணவர்கள் எளிதில் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டால், "மூன்றும் ஒன்றாக மாறிவிடுகின்றன" என்று எழுதுவதுதான் முதல் தவறு. ஒரு சர்க்கரை மற்றொன்றாக மாற வேண்டிய தேவையே இவ்வினையில் இல்லை. மூன்றும் தத்தம் வழியில் வினைபுரிந்து, ஒரே பொருளில் முடிகின்றன.

காரணம் கார்பன் 1, 2 ஆகிய இரண்டில் மட்டுமே இருக்கிறது. ஃபிஷர் வாய்பாட்டில் குளுக்கோஸின் ஹைட்ராக்சில் தொகுதிகள் கார்பன் 2 முதல் 5 வரை வலம், இடம், வலம், வலம் என்று அமைகின்றன. மேனோஸில் அவை இடம், இடம், வலம், வலம். ஃபிரக்டோஸில் கார்பன் 2 கீட்டோன் என்பதால் அங்கு வலம், இடம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் கார்பன் 3, 4, 5 ஆகியவை மற்ற இரண்டில் உள்ளதைப் போலவே இடம், வலம், வலம் என்று இருக்கின்றன. வினை முடியும்போது கார்பன் 1, 2 இரண்டும் C=N பிணைப்புக்குள் சென்றுவிடுவதால், கார்பன் 2-இன் சீர்மையின்மை அழிந்துவிடுகிறது. சர்க்கரைகளை வேறுபடுத்திய பகுதி மறைந்து, பொதுவான பகுதி அப்படியே எஞ்சுகிறது.

இதையே அளவுக்கு மீறி நீட்டுவது அடுத்த தவறு. குளுக்கோஸின் எபிமர்கள், அதாவது ஒரேயொரு கார்பனின் அமைப்பில் மட்டும் அதிலிருந்து வேறுபடும் சர்க்கரைகள், அனைத்தும் ஒரே ஓசசோனைத் தரும் என்று எழுதுவோர் உண்டு. காலக்டோஸும் குளுக்கோஸின் எபிமர்தான். ஆனால் வேறுபாடு கார்பன் 4-இல் இருப்பதால், அது ஓசசோனிலும் தொடர்ந்து வேறு பொருளையே தருகிறது. அதேபோல, 'டி' என்ற முன்னொட்டை விட்டுவிடவும் கூடாது. எல்-குளுக்கோஸ் தரும் ஓசசோன் டி-குளுக்கோஸ் தருவதன் ஆடிப்பிம்பம். படிக வடிவமும் உருகுநிலையும் இரண்டையும் பிரித்துக் காட்டமாட்டா, ஒளி சுழற்சிதான் காட்டும்.

மிகப் பரவலான தவறு மூலக்கூறு எண்ணிக்கையில் நேர்கிறது. ஓசசோனில் இரண்டு ஹைட்ரசோன் தொகுதிகள் இருப்பதைப் பார்த்து, இரண்டு மூலக்கூறு ஃபீனைல்ஹைட்ரசீன் போதும் என்று கணக்கிடுகிறார்கள். ஒன்று அனிலீனாகவும் அம்மோனியாவாகவும் உடைந்துவிடுவதால் மூன்று தேவை:

C6H12O6 + 3 C6H5NHNH2 → C18H22N4O4 + C6H5NH2 + NH3 + 2 H2O

1.80 கிராம் குளுக்கோஸ் என்பது 0.01 மோல். அதற்கு 0.03 மோல், அதாவது 3.24 கிராம் ஃபீனைல்ஹைட்ரசீன் வேண்டும்; அப்போது கோட்பாட்டளவில் 3.58 கிராம் ஓசசோன் கிடைக்கும். இரண்டு மூலக்கூறு என்று எண்ணி 2.16 கிராம் மட்டும் சேர்த்தால், அது 2.39 கிராம் ஓசசோனுக்கே போதும். குறைந்த விளைச்சலுக்கு வடிகட்டலையும் கழுவுதலையும் குறைசொல்லிக் கொண்டிருப்பதில் பயனில்லை.

மூன்றாவது மூலக்கூறு நேரடியாகக் கார்பன் 2-ஐ ஆக்சிஜனேற்றுகிறது என்று பல விடைகளில் காணலாம். நிகர விளைவு அப்படித்தான் தோன்றும். ஆனால் பொதுவாக ஏற்கப்படும் விளக்கத்தின்படி, முதலில் உருவாகும் ஹைட்ரசோன் உள்மறுசீரமைவுக்கு உட்பட்டு அனிலீனை இழக்கிறது. அதில் N–N பிணைப்பு முறிவதே கார்பன் 2-ஐ ஆக்சிஜனேற்ற நிலைக்குக் கொண்டுவருகிறது. பிறகு எஞ்சிய இரண்டு மூலக்கூறுகள் இணைந்து அம்மோனியாவையும் நீரையும் வெளியேற்றுகின்றன. ஃபிரக்டோஸில் கீட்டோன் ஏற்கெனவே கார்பன் 2-இல் இருப்பதால், அங்கு ஆக்சிஜனேற்றம் பெறுவது கார்பன் 1.

வினை ஏன் கார்பன் 3-க்குத் தொடர்வதில்லை என்ற கேள்வியை நல்ல மாணவர்கள்கூடத் தாண்டிவிடுகிறார்கள். ஓசசோனில் ஒரு நைட்ரஜனின் ஹைட்ரஜன் மற்றொரு நைட்ரஜனுடன் பிணைந்து, நிலையான ஆறு உறுப்பு வளையம் போன்ற அமைப்பை உண்டாக்குகிறது. அந்த ஹைட்ரஜன் இல்லாத மெத்தில்ஃபீனைல்ஹைட்ரசீனைப் பயன்படுத்தினால் வினை மேலும் கார்பன்களுக்குப் பரவ முடிகிறது என்பது இவ்விளக்கத்துக்கு வலுவான சான்று.

சோதனைக் கூடத்தில் கவனிக்க வேண்டியது நேரம். கொதிநீர்த் தொட்டியில் ஃபிரக்டோஸ் சுமார் 2 நிமிடங்களிலும், குளுக்கோஸ் சுமார் 4 முதல் 5 நிமிடங்களிலும் ஊசிவடிவப் படிகங்களைத் தரலாம். ஆயினும் செறிவும் வெப்பமும் மாறினால் இந்த நேரமும் மாறுவதால், தெரிந்த மாதிரியை உடன் வைத்து ஒப்பிடாமல் முடிவு சொல்லக்கூடாது. மேனோஸ் சூடாக்கும் முன்பே, குளிர்ந்த நிலையிலேயே வெண்ணிற வீழ்படிவைத் தருகிறது. அது நீரில் அரிதில் கரையும் மேனோஸ் ஃபீனைல்ஹைட்ரசோன். அதை ஓசசோன் என்று குறித்துவிட்டால், மூன்று சர்க்கரைகளுள் மேனோஸை எளிதில் பிரித்தறிய உதவும் அடையாளமே கைநழுவிவிடும். மஞ்சள் ஓசசோனைப் பெற, அதே கலவையை அதிக வினைபொருளுடன் மேலும் சூடாக்க வேண்டும். அதன் பிறகு உருகுநிலையை அளந்து இது எந்தச் சர்க்கரை என்று முடிவுகட்ட முயல்வது வீண்; மூன்றும் ஏறத்தாழ 205 டிகிரி செல்சியசில் சிதைந்து உருகும் ஒரே பொருளே.