பொம்மை ஏறி இறங்கினால் தூக்கம் வரும்

பெங்களூரு அப்பார்ட்மென்ட் பிள்ளைகள் கீழே ஆடிவிட்டு எட்டு மணிக்குத்தான் வீட்டுக்குள் வருகிறார்கள். சாப்பிட்டதும் படு என்றால் ஆறு வயதுக்கு எங்கே தூக்கம் வரும்?

தூங்கும் முன் இந்தச் சின்ன மூச்சுப் பயிற்சியைச் செய்ய வைக்கலாம். சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஆகட்டும். விளக்கைக் குறைத்து, சுவரோரம் மல்லாக்கப் படுக்க வைத்து, இரண்டு காலையும் சுவரில் தூக்கிச் சாய்க்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று நிமிடம் போதும். முட்டி மடங்கினால் பரவாயில்லை.

பிறகு காலை இறக்கி, தொப்புள் மேல் ஒரு சின்னப் பொம்மையை வையுங்கள். மூக்கால் மூச்சை இழுக்கும்போது பொம்மை ஏற வேண்டும், விடும்போது மெல்ல இறங்க வேண்டும். மூன்று எண்ணும்வரை இழுத்து, ஐந்து எண்ணும்வரை விடட்டும். வெளிவிடும் மூச்சு நீளும்போதுதான் இதயத் துடிப்பு தணிகிறது. பொம்மை அசையாமல் தோள் மட்டும் தூக்கினால் பிள்ளை மூச்சை மார்பால் இழுக்கிறது என்று அர்த்தம். அப்போது எண்ணிக்கையை விட்டுவிட்டு, "பொம்மை தூங்கப்போகுது, விழாம பாத்துக்கோ கண்ணு" என்று சொல்லிப் பாருங்கள். மூச்சை அடக்கும் பயிற்சி இந்த வயதில் வேண்டாம். தலை சுற்றுகிறது என்றால் உடனே நிறுத்துங்கள்.

கடைசியாக வாயை மூடி, வண்டு மாதிரி "ம்ம்ம்" நாலைந்து முறை. அதில் சிரிப்பு பொங்கி ஆட்டம் ஆரம்பித்தால் அன்றைக்கு அதை விட்டுவிடலாம், பொம்மையே போதும்.