உச்சி 50 கிலோவா, 150 கிலோவா? இருபடி ரெக்ரஷனை அறிக்கையில் எழுதும்போது நேரும் பிழைகள்

கணக்கு விளங்குவதற்காக ஒரு நெல் சோதனையைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். எக்டேருக்கு 0, 50, 100, 150, 200 கிலோ என ஐந்து அளவுகளில் தழைச்சத்து. அளவுக்கு நான்காக மொத்தம் 20 பாத்திகள். சராசரியான 100 கிலோவைக் கழித்து மையப்படுத்திய பிறகு கிடைத்த சமன்பாடு:

```
nc = N - 100
மகசூல் (டன்) = 5.8 + 0.012*nc - 0.00012*nc^2
```

அதிகம் காணப்படும் பிழை உச்சியில்தான். ஒருபடிக் கெழு b1, இருபடிக் கெழு b2 என வைத்து −b1/(2·b2) என்று போட்டால் 50 வரும். அதை அப்படியே "உகந்த அளவு 50 கிலோ" என்று எழுதிவிடுகிறார்கள். அது மையத்திலிருந்து உள்ள தூரம்தான். கழித்த 100-ஐத் திரும்பக் கூட்டினால் 150 கிலோ, மகசூல் 6.1 டன். எந்த எண்ணைக் கழித்தோம் என்று அறிக்கையில் இல்லையென்றால் படிப்பவரால் இதைச் சரிபார்க்கவே முடியாது.

அடுத்தது 0.012-க்குச் சொல்லும் பொருள். இது 100 கிலோ அளவில் உள்ள சாய்வு: அங்கே ஒரு கிலோ கூடுதல் தழைச்சத்துக்கு சுமார் 12 கிலோ நெல். மையப்படுத்தாவிட்டால் இதே கெழு 0.036 ஆகிவிடும், ஏனெனில் அது உரமே இடாத பாத்தியின் சாய்வு. இருபடிக் கெழுவும் R²-உம் மாறுவதில்லை. ஆகவே ஒருபடிக் கெழுவின் p மதிப்பைப் பார்த்து அந்த உறுப்பை நீக்கக் கூடாது. மையத்தை நகர்த்தினாலே அந்த p மாறிவிடும். N-க்கும் N²-க்கும் இடையே இருந்த 0.96 ஒட்டுறவு, இந்தச் சம இடைவெளி அளவுகளில், மையப்படுத்தியதும் பூஜ்யமாகிறது. அதனால் மாதிரி மேம்பட்டதாக எழுதிவிட வேண்டாம். பொருத்திய வளைகோடு அதேதான்.

தசமத்தைச் சுருக்குவதிலும் கவனம் தேவை. அட்டவணையில் −0.00012 என்பது −0.0001 ஆனால் உச்சி 160 கிலோவுக்கு நகர்ந்துவிடும். மூன்று தசமத்தோடு நிறுத்தினால் −0.000, கையில் ஒன்றுமே மிஞ்சாது. அளவை 100 கிலோ அலகில் எழுதுங்கள்: கெழுக்கள் 1.2, −1.2 என்று தெளிவாக நிற்கும்.

உச்சியை நம்பிக்கை இடைவெளி இல்லாமல் தருவது பாதி அறிக்கை. ஒருபடி, இருபடிக் கெழுக்களின் திட்டப்பிழைகள் முறையே 0.00095, 0.000016 என்று கொள்வோம். டெல்டா முறையில் 95% இடைவெளி 134–166 கிலோ. ஃபீல்லர் முறையில் 137–172, மேல்பக்கம் நீண்டிருக்கிறது. உச்சி இரண்டு கெழுக்களின் விகிதம் என்பதால் ஃபீல்லரையே நம்பலாம். இருபடிக் கெழு பூஜ்யத்திலிருந்து தெளிவாக விலகாதபோது அந்த இடைவெளி முடிவில்லாமல் விரியும். அப்போது உச்சியை அறிவிக்காமல் விடுவதே நேர்மை.

இருபடிக் கெழு முக்கியத்துவம் பெற்றதாலேயே மகசூல் இறங்குகிறது என்று ஆகிவிடாது. ஏறி, பிறகு சமதளமாகும் தரவிலும் அது முக்கியத்துவம் பெறும். கடைசி அளவில் சாய்வைப் பாருங்கள்: 200 கிலோவில் கிலோவுக்கு −12 கிலோ நெல், இடைவெளி −19 முதல் −5 வரை. முழுவதும் பூஜ்யத்துக்குக் கீழே இருக்கிறது. இருந்தாலும் சாய்வு பொருத்திய வளைகோட்டிலிருந்து வந்தது. 150, 200 கிலோ பாத்திகளின் சராசரிகளையும் படத்தில் காட்டுங்கள். சோதனை 100 கிலோவோடு நின்றிருந்தால், இதே 150 சோதிக்காத அளவில் விழுந்த உச்சியாகியிருக்கும்.